சர்வோ ட்ரைவை உள்ளிருந்து வெளியே டியூன் செய்வது எப்படி: கரண்ட், ஸ்பீட், பொசிஷன் லூப்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரு பீன்யாவில் எங்கள் பட்டறைக்குப் பழைய இயந்திரங்கள் புது ட்ரைவ் போடுவதற்காக வருகின்றன. ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து படிப்பு முடித்து வரும் தம்பிகள்தான் பெரும்பாலும் அவற்றை முதலில் ஓட்டிப் பார்ப்பவர்கள். ஏறக்குறைய எல்லோருமே ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். மேசை போய் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஆடினால், பொசிஷன் கெயினைத் திருப்பத் தொடங்கிவிடுகிறார்கள். ஆட்டம் தெரிவது வெளி லூப்பில். காரணம் பல சமயம் உள்ளே இரண்டு அடுக்கு தள்ளி இருக்கும்.

எந்த லூப்பை எந்த வரிசையில் தொட வேண்டும், உள் லூப் ஏன் எப்போதும் வேகமாக இருக்க வேண்டும் என்பதை ஒரே ஓர் அச்சை எடுத்துக்கொண்டு கணக்கோடு காட்டுகிறேன். அது ஒரு துளையிடும் இயந்திரத்தின் மேசை. 10 மில்லிமீட்டர் பிட்ச் உள்ள பால் ஸ்க்ரூ, 750 வாட் ஏ.சி. சர்வோ மோட்டார், 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் சப்ளை.

## 1. ட்ரைவைத் தொடும் முன் தாளில் எழுத வேண்டியவை

ஐந்து எண்கள் இல்லாமல் உட்காராதீர்கள். எங்கள் மேசைக்கு அவை இப்படி இருந்தன:

```
R  = 0.8 Ω         (ஒரு ஃபேஸுக்கு)
L  = 4 mH          (ஒரு ஃபேஸுக்கு)
Kt = 0.6 Nm/A
J  = 0.0004 kg·m²  (மோட்டார் + ஸ்க்ரூ + மேசை)
என்கோடர் = 10,000 கவுண்ட் / சுற்று
```

முதல் இரண்டில்தான் அதிகத் தவறு நடக்கிறது. சில டேட்டாஷீட்டுகள் ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே அளந்த மதிப்பைத் தரும், சில ஒரு ஃபேஸின் மதிப்பைத் தரும். ஸ்டார் இணைப்பில் இரண்டுக்கும் சரியாக இரண்டு மடங்கு வித்தியாசம். ட்ரைவ் கேட்பது எது என்று மேனுவலில் பார்த்துவிட்டுப் போடுங்கள். 4 போட வேண்டிய இடத்தில் 8 போட்டால் கரண்ட் லூப்பின் கெயினும் இரட்டிப்பாகும். அதன் விளைவு மூன்றாம் பகுதியில் வருகிறது.

Kt என்பது ஓர் ஆம்பியருக்குக் கிடைக்கும் டார்க். அதிலும் ஒரு பொறி உண்டு. அது ஆர்.எம்.எஸ். ஆம்பியருக்கா, பீக் ஆம்பியருக்கா என்று பாருங்கள். கலந்துவிட்டால் 1.4 மடங்கு பிழை.

J என்பது மோட்டார் உணரும் மொத்த இனெர்ஷியா. நேர்கோட்டில் ஓடும் மேசையை இப்படி மாற்றலாம்:

```
J = m × (p / 2π)²
60 × (0.010 / 6.283)² ≈ 0.00015 kg·m²
```

மேசை 60 கிலோ, அதனால் 0.00015. ரோட்டருக்கு இன்னொரு 0.00015, ஸ்க்ரூவுக்கும் கப்ளிங்குக்கும் சேர்த்து 0.0001. மொத்தம் 0.0004.

எண்கள் ஆனதும் இயந்திரத்தைப் பாருங்கள். கப்ளிங் ஸ்க்ரூ இறுக்கமா, ஸ்க்ரூ பேரிங்கில் ஆட்டம் உண்டா என்று கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். தளர்ந்த கப்ளிங்கை எந்தக் கெயினும் குணப்படுத்தாது. லிமிட் ஸ்விட்சும் எமர்ஜென்சி பட்டனும் வேலை செய்கின்றனவா என்று சோதித்த பிறகே ட்ரைவை எனேபிள் செய்யுங்கள். செங்குத்து அச்சு என்றால் பிரேக்கை மட்டும் நம்பாமல் கீழே முட்டுக் கொடுங்கள். கம்பி மாற்ற வேண்டுமென்றால், பவரை நிறுத்திய பிறகு ட்ரைவின் மேல் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருங்கள். உள்ளே உள்ள கெபாசிட்டரில் 325 வோல்ட் தேங்கி நிற்கும்.

கடைசியாக, என்கோடர் எண்ணும் திசையும் மோட்டார் சுற்றும் திசையும் ஒன்றா, ரோட்டர் கோண ஆஃப்செட் சரியா என்று பாருங்கள். கோணம் தவறினால் அதே ஆம்பியருக்குக் குறைவான டார்க்தான் கிடைக்கும். 90 டிகிரிக்கு மேல் தவறினால் டார்க் எதிர்த்திசையில் வந்து, லூப் திருத்தத் திருத்த மோட்டார் வேகமெடுத்து ஓடிவிடும்.

## 2. எது எதற்கு உத்தரவு போடுகிறது

பொசிஷன் லூப் ‘எவ்வளவு தூரம் மிச்சம்’ என்று பார்த்து ஒரு வேகத்தைக் கேட்கிறது. அந்த வேகம் வரவில்லை என்றால் ஸ்பீட் லூப் கரண்ட் கேட்கிறது. கரண்ட் லூப் வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைத்து அந்தக் கரண்டைக் கொண்டுவருகிறது. கரண்ட் டார்க்காகிறது, டார்க் சேர்ந்து வேகமாகிறது, வேகம் சேர்ந்து தூரமாகிறது. இயற்பியலே அந்த வரிசையில் இருப்பதால்தான் லூப்களும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன.

சரி, உள்ளே இருப்பது ஏன் வேகமாக இருக்க வேண்டும்? ஒவ்வொரு லூப்பும் ஒரு தாமதக் கணக்கில் வாழ்கிறது. திருத்தம் 180 டிகிரி பின்தங்கிப் போய்ச் சேர்ந்தால் அது ஆட்டத்தை அடக்காது, வளர்க்கும். டார்க் வேகமாக மாறுவதிலேயே 90 டிகிரி போய்விடுகிறது. நம் கையிருப்பு மீதி 90 மட்டும்தான். உள் லூப்பின் தாமதம், கணக்கிடும் நேரம், ஃபில்டர் எல்லாம் அந்த 90-லிருந்துதான் செலவாகும். கடைசியில் மிஞ்சுவதுதான் மார்ஜின். அது 45 டிகிரியாவது இருந்தால் அச்சு நிதானமாக அடங்கும். 20-க்குக் கீழே போனால் மணி அடித்ததுபோல ஆடும்.

உள் லூப் பத்து மடங்கு வேகமாக இருந்தால், அதன் செலவு ஆறு டிகிரிக்குள் முடிந்துவிடும். வெளி லூப்புக்கு, ‘சொன்னேன், நடந்துவிட்டது’ என்று தோன்றும். உள் லூப்பும் வெளி லூப்பும் ஒரே வேகத்தில் இருந்தால் அந்த ஒரு செலவே 45 டிகிரி. மற்றச் செலவுகளுக்கு இடமே இருக்காது.

கரண்ட் லூப்பே இல்லாமல் நேராக வோல்ட்டேஜ் கொடுத்தால் என்ன என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. இந்த மோட்டார் சுருளின் L/R 5 மில்லிசெகண்ட். 100 ஹெர்ட்ஸில் அது மட்டுமே 72 டிகிரி பின்தங்கும். கரண்ட் லூப் கூடுதல் வோல்ட்டேஜை அடித்து ஏற்றி, அந்தச் சோம்பலை மறைத்துவிடுகிறது.

## 3. முதலில் கரண்ட் லூப்

இந்த லூப்பை எவ்வளவு வேகமாக ஓட்டலாம் என்பதை முடிவு செய்வது ட்ரைவின் சொந்தத் தாமதம். கரண்டை அளந்து, கணக்கிட்டு, அடுத்த துடிப்பில் வோல்ட்டேஜாக வெளியிடுவதற்குள் ஏறக்குறைய ஒன்றரை சாம்பிள் நேரம் போய்விடும்.

எங்கள் ட்ரைவின் ஸ்விட்சிங் 8 கிலோஹெர்ட்ஸ், ஒரு சுழற்சியில் இரண்டு முறை அளக்கும். ஆக ஒரு சாம்பிள் 62.5 மைக்ரோசெகண்ட், தாமதம் 94 மைக்ரோசெகண்ட். 1 கிலோஹெர்ட்ஸில் அது 34 டிகிரி. 90-ல் 34 போனால் 56 மிச்சம். நல்லது, 1 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டோம்.

இதே ட்ரைவ் சுழற்சிக்கு ஒரு முறைதான் அளக்கும் என்றால் தாமதம் இரட்டிப்பாகி 67 டிகிரி போய்விடும். அப்போது 1 கிலோஹெர்ட்ஸ் கூடாது. 600-க்கு இறங்க வேண்டும். ‘கரண்ட் லூப் 1 கிலோஹெர்ட்ஸ்’ என்று யாரோ சொன்னதை வைத்து எல்லா ட்ரைவுக்கும் அதையே போடாதீர்கள்.

கெயின்கள் இனி நேர்க் கணக்கு. Kp பிழையைப் பெருக்கும் கெயின், Ti பிழையைச் சேர்த்துத் திருத்தும் இன்டக்ரலின் நேரம்:

```
Kp = 2π × 1000 × L = 6283 × 0.004 ≈ 25 V/A
Ti = L / R = 0.004 / 0.8 = 5 ms
```

Ti-யை L/R-க்குச் சமமாக வைப்பதற்குக் காரணம் உண்டு. சுருளின் சொந்த மந்தத்தை அது சரியாக ஈடுகட்டிவிடும். பிறகு லூப்பில் மிஞ்சுவது ஒரு சுத்தமான இன்டக்ரேட்டரும் தாமதமும் மட்டுமே.

ஆட்டோ டியூன் செய்யும் ட்ரைவ் என்றாலும் இந்தக் கணக்கைப் போட்டு, ட்ரைவ் கண்டுபிடித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பாதியோ இரண்டு மடங்கோ இருந்தால், ஒரு ஃபேஸ் மதிப்பும் இரு ஃபேஸ் மதிப்பும் கலந்துவிட்டன என்று அர்த்தம். இண்டக்டன்ஸை 8 என்று போட்டவர்களின் லூப் 2 கிலோஹெர்ட்ஸில் ஓடப் பார்க்கும், மார்ஜின் 22 டிகிரியாகிவிடும். மோட்டார் நின்ற இடத்திலேயே கீச்சென்று கத்தும்.

சோதனைக்கு மோட்டார் சுற்ற வேண்டியதில்லை. டார்க் தராத d-அச்சில் ஸ்டெப் கொடுக்கும் வசதி பல ட்ரைவுகளில் இருக்கிறது. 3 ஆம்பியர் ஸ்டெப் கொடுத்து ட்ரேஸைப் பாருங்கள். அரை மில்லிசெகண்டுக்குள் ஏறி, பத்து சதவீதம் அளவுக்குத் தாண்டி, அடங்க வேண்டும்.

ஸ்டெப்பைப் பெரிதாகக் கொடுக்காதீர்கள். 3 ஆம்பியருக்கு லூப் 75 வோல்ட் கேட்கும். 10 ஆம்பியருக்கு 250 கேட்கும். 325 வோல்ட் பஸ்ஸிலிருந்து ஒரு ஃபேஸுக்குக் கிடைப்பது 188 வோல்ட்தான். வோல்ட்டேஜ் முட்டிக்கொண்டதால் கரண்ட் மெதுவாக ஏறும், அதைப் பார்த்து ‘கெயின் போதவில்லை’ என்று கூட்டிவிடுவீர்கள்.

இந்தப் படி முடிந்ததும் எண்களைக் குறித்துவைத்து, கரண்ட் லூப்பை மறந்துவிடுங்கள். மேலே எது தவறினாலும் இதைத் திருத்திச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது.

## 4. அடுத்தது ஸ்பீட் லூப்

இங்கே பொசிஷன் லூப் அணைந்திருக்க வேண்டும். ட்ரைவை ஸ்பீட் மோடில் வையுங்கள். மேசை நடுவில் நிற்கட்டும்.

இலக்கு 100 ஹெர்ட்ஸ், அதாவது கரண்ட் லூப்பில் பத்தில் ஒன்று. 2π-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 628 ரேடியன்.

```
Kp = 628 × J / Kt = 628 × 0.0004 / 0.6 ≈ 0.42 A/(rad/s)
Ti = 5 / 628 ≈ 8 ms
```

இப்போது 90 டிகிரி கையிருப்பு எங்கெங்கே போகிறது என்று எழுதிப் பாருங்கள். நான் தம்பிகளை இதைத் தாளில் எழுதச் சொல்வேன்.

```
இன்டக்ரல்                            11°
கரண்ட் லூப் (1 kHz)                   6°
கணக்கிடும் தாமதம் (250 µs சாம்பிள்)   13°
வேக ஃபில்டர் (0.3 ms)                11°
மொத்தச் செலவு                       41°
மிச்சம்                              49°
```

49 மிச்சம் என்றால் ஓட்டலாம். இதில் நான்காவது வரியைக் கவனியுங்கள். சத்தம் குறையட்டும் என்று வேக ஃபில்டரை 1 மில்லிசெகண்டுக்கு ஏற்றினால், அந்த ஒரு வரி 32 டிகிரியாகும். மிச்சம் 28-க்கு இறங்கிவிடும். ஃபில்டர் வைப்பது தவறில்லை. தாளில் எழுதாமல் வைப்பதுதான் தவறு.

சோதனை ஸ்டெப் 100 ஆர்.பி.எம். வேகத்திலிருந்து 200-க்கு. நின்ற நிலையிலிருந்து தொடங்கினால் உராய்வு குறுக்கே வந்து படத்தைக் கெடுக்கும். இந்த ஸ்டெப்புக்கு லூப் முதல் கணத்தில் 4.4 ஆம்பியர் கேட்கும். ட்ரைவின் கரண்ட் லிமிட் 12 ஆம்பியர் என்று வைத்திருந்தோம், அதனால் தொந்தரவில்லை. 300 ஆர்.பி.எம். ஸ்டெப் கொடுத்திருந்தால் 13 கேட்டு லிமிட்டில் முட்டியிருக்கும். லிமிட்டில் முட்டிய நேரத்தில் லூப் திறந்தே கிடக்கிறது. அப்போது தெரியும் வளைவுக்கும் நீங்கள் போட்ட கெயினுக்கும் தொடர்பே இல்லை.

வேகம் ஒரு முறை 20 முதல் 30 சதவீதம் தாண்டி, லேசாகக் கீழே வந்து, நின்றுவிட வேண்டும். அந்த ஒரு தாண்டலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்டக்ரல் உள்ள லூப்புக்குத் திடீர் ஸ்டெப் கொடுத்தால் அப்படித்தான் வரும். மூன்று நான்கு முறை மேலும் கீழும் ஆடினால்தான் மார்ஜின் போதவில்லை என்று பொருள்.

## 5. உள் லூப் மெதுவானால் என்ன ஆகும்: எங்கள் மேசையின் கதை

மேலே உள்ள எண்களோடு அந்த மேசை சரியாகத்தான் ஓடியது. ஆனால் நிற்கும்போது ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். பொறுப்பில் இருந்த தம்பிக்கு அது பிடிக்கவில்லை. மறுநாள் நான் வேறு வேலையாக வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தால், “அண்ணா, சத்தம் போயிடுச்சு, ஆனா மேசை ஆடுது” என்றான்.

அவன் செய்தது ஒன்றுதான். ஸ்பீட் லூப்பிலிருந்து கரண்ட் லூப்புக்குப் போகும் உத்தரவின் வழியில் 150 ஹெர்ட்ஸ் லோ-பாஸ் ஃபில்டர் ஒன்றைப் போட்டுவிட்டான். பல ட்ரைவுகளில் டார்க் ஃபில்டர் என்று இருப்பது இதுதான். கரண்ட் லூப்பின் கெயின்களை அவன் தொடவே இல்லை. ஆனால் ஸ்பீட் லூப்பின் பக்கத்திலிருந்து பார்த்தால், 1 கிலோஹெர்ட்ஸ் கரண்ட் லூப் 150 ஹெர்ட்ஸ் லூப்பாக மாறிவிட்டது.

100 ஹெர்ட்ஸில் அந்த ஃபில்டரின் செலவு 34 டிகிரி. ஃபில்டர் உத்தரவின் அளவையும் கொஞ்சம் குறைப்பதால் லூப் தானாகவே 86 ஹெர்ட்ஸ் அளவுக்கு மெதுவாகிவிடும். அங்கே கூட்டிப் பார்த்தால் மிச்சம் சுமார் 21 டிகிரி. ட்ரேஸில் பார்த்தபோது ஓர் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு மில்லிசெகண்ட் அளவுக்கு இருந்தது. தாளும் இயந்திரமும் ஒன்றையே சொல்லின.

அவன் அடுத்து செய்ததுதான் எல்லோரும் செய்வது. ஆட்டத்தை அடக்க ஸ்பீட் Kp-யைக் கால்வாசிக்குக் குறைத்தான். வேகமான ஆட்டம் போய், மெதுவான ஊஞ்சலாட்டம் வந்தது. ஏனென்றால் லூப் 25 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது, Ti மட்டும் பழைய 8 மில்லிசெகண்டிலேயே நின்றது. அந்த வேகத்தில் இன்டக்ரல் செலவு 11 டிகிரியிலிருந்து 39 டிகிரிக்கு ஏறிவிடும். Kp-யைக் குறைத்தால் Ti-யை அதே விகிதத்தில் நீட்ட வேண்டும். இதை மறப்பவர்கள் மிக அதிகம். ‘கெயினைக் குறைத்தும் ஆடுகிறதே’ என்று குழம்புவது இங்கேதான்.

அதன் பிறகு பொசிஷன் லூப்பும் கெட்டது. அதில் 100 என்ற கெயின் இருந்தது. ஸ்பீட் லூப் 628 ரேடியனில் ஓடியபோது அது ஆறில் ஒரு பங்கு. இப்போது ஸ்பீட் லூப் 157 ரேடியன்தான், வெளி லூப் கிட்டத்தட்ட உள் லூப்பின் காலை மிதித்துக்கொண்டு ஓடியது. மேசை நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. நான் வந்தபோது அவன் பொசிஷன் கெயினில் கை வைத்திருந்தான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு படியிலும் கண்ணில் பட்டதைத்தான் அவன் திருத்தினான். ஆனால் வெளியே தெரிந்த மூன்று கோளாறுகளுக்கும் வேர் உள்ளே போட்ட ஒரே ஃபில்டர்.

## 6. சத்தத்தின் உண்மைக் காரணம்

ஃபில்டரை எடுத்துவிட்டு, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டோம். என்கோடர் சுற்றுக்கு 10,000 கவுண்ட். 250 மைக்ரோசெகண்டில் ஒரு கவுண்ட் கூடினால், ட்ரைவுக்கு அது 24 ஆர்.பி.எம். வேகமாகத் தெரியும். ஸ்பீட் Kp-யை ஆர்.பி.எம். கணக்கில் சொன்னால் 0.044 ஆம்பியர். பெருக்கினால் ஒரு கவுண்ட்டுக்கு ஒரு ஆம்பியர் கரண்ட் குதிக்கிறது. 0.3 மில்லிசெகண்ட் ஃபில்டர் அதை 0.6 ஆம்பியருக்குக் குறைக்கிறது. 4 ஆம்பியர் மோட்டாருக்கு அதுவே காதில் கேட்கும்.

ஆக இந்த அச்சில் ஸ்பீட் லூப்புக்கு எல்லை போட்டது என்கோடர். 20 பிட் என்கோடர் இருந்திருந்தால் ஒரு கவுண்ட் 0.23 ஆர்.பி.எம்.தான், சத்தமே வந்திருக்காது. வாடிக்கையாளருக்கு மோட்டார் மாற்றும் எண்ணம் இல்லை. அதனால் மூன்று லூப்களையும் சேர்த்து, உள்ளிருந்து மறுபடி போட்டோம்.

கரண்ட் லூப் அப்படியே 1 கிலோஹெர்ட்ஸ். ஸ்பீட் லூப்பை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கினோம். Kp 0.25, Ti 13 மில்லிசெகண்ட். வேக ஃபில்டரை 0.6 மில்லிசெகண்டாக உயர்த்தினோம். லூப் மெதுவானதால் அந்த ஃபில்டரின் செலவு 13 டிகிரிதான், மிச்சம் 54. ஒரு கவுண்ட்டுக்கான கரண்ட் குதிப்பு 0.6-லிருந்து 0.2 ஆம்பியராகக் குறைந்தது. கிட்டே போய்க் காது வைத்தால்தான் சத்தம் கேட்டது.

சத்தத்தைக் குறைக்கும் வழி அவன் தேடிய இடத்துக்கு அருகில்தான் இருந்தது. ஃபில்டர் வைத்தால் அதற்குரிய லூப்பையும், அதற்கு வெளியே உள்ளவற்றையும் சேர்த்து இறக்க வேண்டும். அதைத்தான் அவன் விட்டுவிட்டான்.

## 7. கடைசியில் பொசிஷன் லூப்

இதில் பெரும்பாலும் ஒரே கெயின்தான், Kv. மிச்சம் இருக்கும் தூரத்தை இதனால் பெருக்கினால் கேட்கும் வேகம் வரும். இங்கே இன்டக்ரல் சேர்க்காதீர்கள். ஸ்பீட் லூப்பில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, உராய்வை அது பார்த்துக்கொள்ளும். இரண்டு இடத்தில் வைத்தால் மேசை இலக்கைச் சுற்றி மெதுவாக அலைந்துகொண்டே இருக்கும்.

‘உள் லூப் நான்கு மடங்கு வேகமாக இருக்க வேண்டும்’ என்று பலரும் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஸ்பீட் லூப்பை ஒரு எளிய முதல் நிலை மந்தமாக எடுத்துக்கொண்டால் தணிப்பு இப்படி வரும்:

```
ζ = 1 / (2 × √(Kv / ωs))
ωs = ஸ்பீட் லூப், rad/s
```

ωs நான்கு மடங்கு என்றால் ζ சரியாக 1. அதாவது இலக்கைத் தாண்டாமல் கிடைக்கும் மிக வேகமான நிலை. இரண்டு மடங்கு என்றால் 0.7, லேசாகத் தாண்டும். இரண்டும் சமம் என்றால் 0.5, பதினாறு சதவீதம் தாண்டும். துளையிடும் மேசையில் அது நேராகக் கழிவுத் துண்டு.

நிஜ ஸ்பீட் லூப் அவ்வளவு எளியதல்ல. அதற்கு இன்டக்ரலும் தாமதமும் உண்டு. ஆகவே நான் நான்கில் நிற்பதில்லை, ஆறு மடங்கு இடைவெளி வைக்கிறேன். 60 ஹெர்ட்ஸ் என்பது 377 ரேடியன், ஆறால் வகுத்தால் Kv சுமார் 60.

இதற்கு ஒரு விலை உண்டு. மேசை ஓடும்போது உத்தரவுக்குப் பின்னால் வரும் தூரம், வேகம் வகுத்தல் Kv. விநாடிக்கு 200 மில்லிமீட்டரில் அது 3.3 மில்லிமீட்டர். இதைப் பார்த்துக் கெயினைக் கூட்டப் போவார்கள். கூட்ட வேண்டாம். ஸ்பீட் ஃபீட்ஃபார்வர்டை 100 சதவீதத்தை நோக்கி மெல்ல ஏற்றுங்கள். போக வேண்டிய வேகம் கட்டளையிலேயே தெரியும்போது, பிழை சேர்ந்த பிறகு அதைக் கண்டுபிடிக்கக் காத்திருக்கத் தேவையில்லை. ஃபீட்ஃபார்வர்ட் லூப்புக்கு வெளியே இருப்பதால் மார்ஜினில் ஒரு டிகிரிகூடச் செலவாகாது. ஆனால் உத்தரவு கரடுமுரடாக இருந்தால் தாண்டல் வரும், அதனால் முடுக்கம் படிப்படியாக ஏறும் புரொஃபைல் கொடுங்கள்.

## 8. ஆட்டம் வந்தால் எந்த லூப் என்று கண்டுபிடிப்பது

முதலில் ஆட்டத்தின் வேகத்தை அளங்கள். நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸிலோ கிலோஹெர்ட்ஸிலோ கீச்சொலி, மோட்டார் நின்றபோதும் வந்தால் கரண்ட் லூப்பையோ, மெக்கானிக்கல் அதிர்வையோ சந்தேகப்படுங்கள். பல பத்து ஹெர்ட்ஸ் என்றால் ஸ்பீட் லூப். கண்ணால் எண்ணிவிடக்கூடிய அளவுக்கு மெதுவாக இருந்தால் பொசிஷன் லூப், அல்லது கப்ளிங் தளர்வு.

அதற்கடுத்து வெளி லூப்பை அணைத்துவிட்டுப் பாருங்கள். பொசிஷன் லூப் இல்லாமல் ஸ்பீட் மோடிலும் ஆடினால், பொசிஷன் கெயினைத் தொட உங்களுக்கு வேலையே இல்லை. இந்த ஒரு சோதனை ஐந்து நிமிஷம்தான் பிடிக்கும்.

மெக்கானிக்கல் அதிர்வு என்றால், கெயினை மாற்றினாலும் அதிர்வெண் அதிகம் நகராது. லூப் ஆட்டம் என்றால் நகரும். நகராத ஒன்றுக்கு நாட்ச் ஃபில்டர் வைக்கலாம். அதுவும் அதற்குக் கீழான அதிர்வெண்களில் கொஞ்சம் டிகிரி சாப்பிடும், தாளில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

## 9. ஒப்படைக்கும் முன் பாரத்தோடு ஒரு முறை

வெறும் மேசையில் டியூன் செய்து அனுப்பிவிடாதீர்கள். எங்கள் வாடிக்கையாளர் 60 கிலோ வரை வேலைப்பொருள் வைப்பார். மேசை 120 கிலோவானால் இனெர்ஷியா 0.0004-லிருந்து 0.00055 ஆகும். கெயின் அப்படியே இருக்க, ஸ்பீட் லூப் 60-லிருந்து 43 ஹெர்ட்ஸுக்குத் தானாக இறங்கும்.

அப்போது ωs 273 ரேடியன், Kv 60. இடைவெளி ஆறிலிருந்து நான்கரை மடங்காகச் சுருங்குகிறது. சூத்திரத்தில் போட்டால் ζ 1.07, இன்னும் ஒன்றுக்கு மேலே. நான்கில் நின்றிருந்தால் பாரம் ஏற்றியதும் ஒன்றுக்குக் கீழே போயிருக்கும்.

இரும்புக் கட்டைகளை மேசையில் அடுக்கி, 200 மில்லிமீட்டர் வேகத்தில் நூறு முறை ஓடவிட்டு, நிற்கும் இடத்தை டயல் இண்டிகேட்டரில் பார்த்தோம். முள் தாண்டாமல் வந்து நின்றது. கெயின்களையும் தாமதக் கணக்குத் தாளையும் ஒரு கவரில் போட்டு, பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டி அனுப்பினோம்.